பெயருக்கு முன்னால் நிற்பதை மாதிரி அட்டையிலிருந்து எடுக்காதீர்கள்: அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் வட்டார அச்சக உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கடைகளில் இப்போது ஒரே மாதிரி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கல்யாண அட்டைக்கு இனி காகிதத்தில் புரூஃப் கிடையாது, வாட்ஸ்அப்பில் படம் மட்டும்தான் வரும். பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்கள் கடையில் உள்ள மாதிரிப்படியே அச்சாகும். அச்சான பிறகு எந்தப் பிழைக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. கேட்டால், சங்கம் கூடி எடுத்த முடிவு என்கிறீர்கள். முதலாவதையும் மூன்றாவதையும் தொழில் நெருக்கடி என்று புரிந்துகொள்ளப் பார்க்கலாம். இரண்டாவதை என்னால் பேசாமல் விட முடியவில்லை. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா, மணமானவரா, படிப்பை முடித்துவிட்டாரா என்பதையெல்லாம் சொல்கிற சொல் அது. அதை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரி எப்படி முடிவு செய்யும்?

நான் நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு உறவிலும் தெருவிலும் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அட்டைக்கு மேட்டர் எழுதித் தருவது என் பொறுப்பாகிவிட்டது. உங்களில் பலருடைய கடைப் படி ஏறியவன்தான். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் பெண்ணின் பாட்டி, தாத்தா பெயர்கள் இப்படி இருந்தன (பெயர்களை மாற்றியிருக்கிறேன்): முதல் வரியில் 'திருமதி பார்வதி அம்மாள்', அடுத்த வரியில் 'தெய்வத்திரு வேலாயுதம்', அதன் கீழே 'ஆகியோரின் பேத்தி'. பார்வதி அம்மாள் என் அம்மா. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். அச்சாகி வந்த அட்டையில் அது ஒரே வரியாகச் சுருங்கி, 'தெய்வத்திரு வேலாயுதம் – பார்வதி அம்மாள் ஆகியோரின் பேத்தி' என்று இருந்தது. உங்கள் மாதிரியில் ஆண் பெயர்தான் முதலில் வரும், தம்பதிக்கு ஒரே வரிதான், முன்சொல்லுக்கு ஒரே இடம்தான். ஆபரேட்டர் தம்பி அதில் பொருந்துகிற மாதிரி மாற்றிவிட்டார்.

அந்த வரியைப் படித்துப் பாருங்கள். தெய்வத்திரு என்பது வேலாயுதத்தோடு நின்றுவிடுகிறதா, கோட்டைத் தாண்டி பார்வதி அம்மாளையும் பிடிக்கிறதா? 'திரு. சுந்தரம் – கமலா தம்பதியர்' என்று போட்டால் முன்னால் இருக்கும் மரியாதை இருவருக்கும் சேர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அதே பழக்கத்தில் இதையும் படித்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, "அம்மா போனதை ஏன்டா எங்களுக்குச் சொல்லல?" என்று சண்டை போட்டார். கூப்பிட்டுக் கேட்டவருக்கு விளக்கம் சொல்லிவிடலாம். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. அம்மா கையிலும் அந்த அட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் படிக்கத் தெரிந்தவர்.

மறைந்தவருக்கான சொல் எதுவாக இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. காலஞ்சென்ற, மறைந்த, அமரர், தெய்வத்திரு எல்லாமே தனக்கு அடுத்து வரும் பெயரை மட்டும்தான் பிடிக்கிறது என்பதற்கு இலக்கணத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் பிடிக்கும். அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரை முதலில் போட்டு, மறைந்தவரை இரண்டாவதாகப் போடலாம். இல்லை, பழைய வரிசையே வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயருக்கும் அதனதன் முன்சொல்லைத் தனியே கொடுத்து, தனித்தனி வரியில் போட வேண்டும்: 'தெய்வத்திரு வேலாயுதம்' ஒரு வரி, 'திருமதி பார்வதி அம்மாள்' அடுத்த வரி. ஒரே வரியில் வந்தாலும் 'திருமதி' நடுவில் இருந்தால் அது வேலியாக நிற்கும். எங்கள் அட்டையில் அந்தச் சொல்லைத்தான் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டீர்கள். 'வேலாயுதம் (லேட்) – பார்வதி அம்மாள்' என்று சிலர் போடுவது பார்க்க அழகாக இல்லை என்றாலும் பொருளில் பிழையில்லை. அடைப்புக்குறி யாரைச் சொல்கிறது என்பதில் குழப்பமே வராது. என்னைக் கேட்டால் அழகான குழப்பத்தைவிட அது மேல்.

இதே அட்டையில் மாப்பிள்ளை வீட்டு வரியிலும் ஒரு வேலை நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா சில வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். அம்மா பெயரை 'திருமதி' போட்டு எழுதியிருந்தேன். வந்த அட்டையில் அந்த அம்மாவின் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. விசாரித்தால், "வீட்டுக்காரர் இல்லையே சார், திருமதி போடலாமான்னு யோசிச்சு எடுத்துட்டோம்" என்றார்கள். யோசித்தவர்கள் எங்களைக் கேட்டிருக்கலாம். கணவர் இறந்ததால் ஒரு பெண்ணின் திருமதி போய்விடாது. அரசு மடலோ வங்கிக் கடிதமோ எதிலும் அப்படி எடுப்பதில்லை. அட்டையில் மற்ற எல்லாப் பெண்களுக்கும் போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் எடுத்தால், அந்த வெற்றிடம் அவர் விதவை என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது. "அம்மா பேரை விட்டுட்டு சித்தப்பா பேர்ல அழைக்கலாமே" என்று சில கடைகளில் ஆலோசனையும் சொல்கிறார்கள். யார் அழைப்பது என்பது அந்த வீட்டின் முடிவு.

இனி மணமக்கள் பெயருக்கு முன்னால் வருவது. 'திருவளர்ச்செல்வன்', 'திருநிறைச்செல்வி' என்று 'ச்' போட்டுத்தான் உங்கள் மாதிரிகளில் பெரும்பாலும் இருக்கிறது. அந்த ஒற்று வேண்டியதில்லை. வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிற வினைத்தொகை அது. ஊறுகாயை நாம் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை, சுடுசோற்றைச் சுடுச்சோறு என்று எழுதுவதில்லை. அதே கணக்கில் திருவளர்செல்வன், திருநிறைசெல்வி. ஒரு தடவை மாதிரியில் திருத்தி வைத்துவிட்டால் பிறகு அதை யாரும் தொடவே வேண்டாம். எழுத்துப் பிழைதானே என்று இதையாவது மன்னித்துவிடலாம். இரண்டில் எதைப் போடுவது என்பதில்தான் வீட்டுக்குள் வம்பு வருகிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில், கல்யாணத்துக்குத் தம்பி தங்கை இன்னும் இருந்தால் 'திருவளர்', வீட்டில் கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறை' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இலக்கணம் அப்படி எந்தக் கட்டளையும் போடவில்லை. ஆனால் படிக்கிறவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். அண்ணனுக்கு இளைய மகள் ஒருத்தி இருக்கிறாள். நான் எழுதியது திருவளர்செல்வி. உங்கள் மாதிரியில் மணமகன் 'திருவளர்', மணமகள் 'திருநிறை' என்று ஜோடி சேர்த்து வைத்திருக்கிறீர்கள், பார்வைக்கு வேறுபாடு இருக்கட்டும் என்றுபோல. அட்டை கையில் கிடைத்த பெரியம்மா ஒருவர் சின்னவளைப் பார்த்து, "உனக்கு எப்படி முன்னாடியே முடிச்சாங்க?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

படிப்பும் பட்டமும் இன்னொரு பாடு. அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர். ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை. நான் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று போட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்திலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு, பிளேட் போடுவதற்கு முன், வரி நீள்கிறது என்று யாரோ அதை 'முனைவர்' என்று வெட்டிப் பெயருக்கு முன்னால் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய நெறியாளருக்கும் துறைத்தலைவருக்கும் அந்த அட்டைதான் போக வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிட்டு, வாய்மொழித் தேர்வும் முடிந்து, பல்கலைக்கழகம் பட்டத்தை அறிவித்த பிறகுதான் அந்தச் சொல் பெயருக்கு முன்னால் வரலாம். அதற்கு முன்னால் போட்டுக்கொண்டால் துறையில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். அவள் ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் அடித்துத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாப்பிள்ளை மருத்துவர். 'திருவளர்செல்வன் டாக்டர்' என்று முன்னால் இரண்டும், பின்னால் 'எம்.பி.பி.எஸ்.' என்று ஒன்றும், ஆக ஒரே செய்தி இரண்டு தடவை. இது தப்பு என்று நான் வழக்குப் போட மாட்டேன், பல வீடுகளில் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் கேட்காத வீட்டுக்கும் மாதிரி தானாகவே போடுகிறது. என் பழக்கம் இது: மணமக்களுக்கு முன்னால் சடங்குச் சொல் ஒன்று மட்டும், படிப்பு பெயருக்குப் பின்னால். மற்றவர்களுக்கு முன்னால் ஒன்றே ஒன்று. முனைவர் என்று போட்டால் திரு வேண்டாம், பின்னால் பிஎச்.டி.யும் வேண்டாம். ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கு முனைவர், வைத்தியம் பார்ப்பவருக்கு மருத்துவர் என்று பிரித்துப் போட்டால், டாக்டர் என்று பொதுவாகப் போட்டு வருகிற குழப்பம் போய்விடும். முதலெழுத்து எப்போதும் பெயரோடு ஒட்டி நிற்க வேண்டும், பட்டம் அதற்கும் முன்னால்: 'முனைவர் க. அருள்'. 'க. முனைவர் அருள்' என்று ஒரு கோயில் அழைப்பிதழில் பார்த்தேன். ஆங்கிலப் படிவத்தில் முதலெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், அங்கிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோயில், பள்ளி விழா அழைப்பிதழ்களைப் பற்றி ஒன்று மட்டும். விருது பெற்றவர் பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அரசியலமைப்பின் 18ஆவது பிரிவின்படி படைத்துறை, கல்வி சார்ந்த சிறப்புகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது. பத்ம விருதுகள் அப்படிப்பட்ட பட்டங்கள் அல்ல, அதனால் அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. கீழே தனி வரியில் 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று போட்டால் செய்தியும் போய்ச் சேரும், அவருக்கும் சங்கடம் இருக்காது. பெரும்பாலும் அந்தப் பெரியவர் கேட்டு இது நடப்பதில்லை, விழாக் குழுவின் ஆர்வமும் உங்கள் மாதிரியும் சேர்ந்து செய்வது.

எழுத்துரு மாற்றத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், புரூஃபை எந்தக் கட்டத்தில் காட்டுகிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வருகிற மேட்டரை உங்கள் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றித்தான் பலர் பக்கம் கட்டுகிறீர்கள். மாற்றும்போது உடைவது பெரும்பாலும் இந்த மரியாதைச் சொற்கள்தான், ஏனென்றால் ஸ்ரீ, சௌ போன்ற எழுத்துகள் அங்கேதான் வருகின்றன. 'சௌபாக்கியவதி'யின் முதலெழுத்தைப் பலர் 'செ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து ஒப்பேற்றுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி வரியை நிரப்பியதும் 'செ' ஒரு பக்கமும் 'ள' ஒரு பக்கமும் விலகும். 'சௌ.' என்று சுருக்கிப் போட்டால் இன்னும் மோசம், 'செள.' என்று ஏதோ சொல்லின் பாதி மாதிரி நிற்கும். அதேபோல வரி முடிவில் 'திரு' மேலே தொங்கி 'மதி' கீழே இறங்குவதும், 'மாண்பு' ஒரு வரியிலும் 'மிகு' அடுத்த வரியிலும் பிரிவதும், முதலெழுத்து தனியாக மேல் வரியில் அநாதையாக நிற்பதும். சொல்லுக்குள் இடைவெளி விடாமல் அடித்து, முன்சொல்லுக்கும் முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே உடையாத இடைவெளி வைத்தால் இது வராது. வேர்டில் என்றால் Ctrl+Shift+Space. இதெல்லாம் மாற்றத்துக்குப் பிறகு, வரி கட்டிய பிறகு தெரிகிற பிழைகள். மாற்றத்துக்கு முன்னால் அனுப்பும் படத்தில் நாங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணில் படாது.

குடும்பத்தார் பக்கத்திலும் குறை இருக்கிறது. மேட்டரைக் குரல்பதிவாக அனுப்புகிறார்கள். ஆதார் அட்டையில் தமிழில் இருக்கிற பெயரைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அது பல நேரம் ஆங்கிலத்திலிருந்து கம்ப்யூட்டரே மாற்றிப் போட்ட எழுத்து. ன, ண எதுவும் அதில் நம்பும்படி இருக்காது. சம்பந்தப்பட்டவர் தன் பெயரைத் தன் கையால் எப்படி எழுதுகிறாரோ அதுதான் கணக்கு. வாட்ஸ்அப் படம் வந்தால் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் மூன்றையும் பார்த்துவிட்டு 'ஓகே' போட்டுவிடுகிறார்கள். ஃபோன் திரையில் ஒரு அட்டை முழுவதும் தெரிகிற அளவுக்குச் சுருங்கினால் பெயருக்கு முன்னால் இருக்கும் சிறிய எழுத்து கண்ணில் நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் காகிதம் வேண்டும் என்கிறேன்.

சங்கத்திடம் நான் கேட்பது இவைதான்.

மாதிரிகளில் பெயருக்கு முன்னால் இருக்கிற எல்லாச் சொற்களையும் அழித்துவிட்டுக் கோடாக விடுங்கள். அந்தக் கோட்டை நிரப்பாமல் பக்கம் முடியாது என்று வையுங்கள். ஆர்டர் எடுக்கும் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இருக்கிறாரா மறைந்தாரா, பெயருக்கு முன்னால் என்ன சொல், பெற்ற பட்டமா பெறப்போவதா, அவரே எழுதிய பெயர் வடிவம் எது என்று கேளுங்கள். மணமக்களுக்குத் திருவளரா திருநிறையா என்பதையும் வீட்டாரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறைந்தவர் ஒருவரும் இருப்பவர் ஒருவரும் தம்பதியாக வருகிற இடத்தில் இரண்டு வரி, இரண்டு முன்சொல் என்பதைச் சங்கத்தின் பொது விதியாகவே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், சொல்லை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு ஃபோன் செய்யுங்கள்.

காகித புரூஃபைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அட்டையின் உண்மையான அளவில், எழுத்துரு மாற்றமும் வரி கட்டுவதும் முடிந்த பிறகு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் தாள் போதும். வீட்டில் பெரியவர்கள் கண்ணாடி போட்டுப் படிக்க ஒரு ராத்திரி அவகாசம் கொடுங்கள். கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு பிளேட் போடும் வரை அந்தக் கோப்பில் ஒரு எழுத்தையும் யாரும் தொடக் கூடாது. அந்தத் தாளுக்கான செலவை அட்டை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கப் போவதில்லை.

'பிழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியை மாற்றுங்கள். கையெழுத்திட்ட புரூஃபில் இருந்த பிழை வாடிக்கையாளர் தலையில். புரூஃபுக்கும் அட்டைக்கும் வித்தியாசம் இருந்தால் அது கடையின் தலையில், அந்த அட்டைகளை மறுபடி அச்சிட்டுத் தர வேண்டும். எங்களுக்குத் தந்த பதில் மாதிரி, "ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துடலாம் சார்" என்பது போதாது. 'தெய்வத்திரு'வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெயரின் மேல் எந்த ஸ்டிக்கரை ஒட்டுவது?

அடுத்த முகூர்த்த சீசனுக்கான அட்டை ஆல்பங்களை ஆவணியில் மேஜையில் வைப்பீர்கள். அதற்குள் சங்கத்தைக் கூட்டி இதை முடிவு செய்து, இப்போது ஒட்டியிருக்கும் தாளைக் கழற்றிவிட்டுப் புதிய விதியை ஒட்டுங்கள். ஆர்டர் தாளுக்கான கேள்விகளையும் முன்சொற்களின் சரியான எழுத்து வடிவங்களையும் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து தர நான் தயார். ஆபரேட்டர் தம்பிகளோடு உட்கார்ந்து பேசவும் தயார், கூலி வேண்டாம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்